முப்பிடாதி கையில் மேய்ந்த மயில்

சோலைச்சாமி தன் மக்காச்சோளக் காட்டில் ஒரு சாரைப்பாம்பைப் பார்த்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது வண்டிப்பாதை ஏறும்போது நல்லபாம்பாகும், ஊர் எல்லைக்கு வரும்போது மலைப்பாம்பாகும். பரமசிவன் டீக்கடைக்குள் நுழையும்போது ஒரு வெள்ளாட்டை முழுசாக விழுங்கிவிட்டு ஏப்பம் விட்டுக்கொண்டிருக்கும். யார் வீட்டு ஆடு என்று எவனாவது வம்புக்குக் கேட்டால் அதற்கும் பதில் வைத்திருப்பார். ஆட்டின் பெயரைக்கூடச் சொல்வார்.

இடைசெவலில் அவர் பேச்சைக் கேட்பதற்கென்றே கோவில்பட்டி பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் உண்டு. ஒருவர் தன் சொந்தப் பெண் பார்க்கும் படலத்தையே தவறவிட்டு, இன்றுவரை பிரம்மச்சாரியாகத் திரிகிறார் என்றும் கேள்வி. ஊரில் யாரும் சோலைச்சாமி பேச்சை நம்புவதில்லை. நம்பாததால் அவருக்கு ஒரு குறையும் இல்லை. "நம்புறதுக்கு நான் என்ன பட்டாவா வாசிக்கேன்?" என்பார்.

அவர் மனைவி முப்பிடாதி இதற்கு நேர் எதிர். மழை பெய்தால் மழை பெய்யுது என்பாள். அவ்வளவுதான். அவர் வாய் ஓடும்போது அவளுக்குச் சிரிப்பு வரும். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரிப்பாள். அந்தத் தோள் குலுங்கலுக்காகத்தான் மனுஷன் முப்பது வருஷமாகப் பாம்பை வளர்த்துக்கொண்டிருந்தார்.

முப்பிடாதிக்கு ஒரே ஒரு ஏக்கம் இருந்தது. போன வருஷம் வைகாசியில் மகள் மாரிச்செல்வியின் கல்யாணம். மூன்று மாதமாக ஓடியாடிச் செய்த கல்யாணத்தில், தாலி கட்டும் நேரம் பார்த்து, பந்திக்கு வந்த சாம்பாரில் உப்பில்லை என்று சம்பந்தி வீட்டுப் பெரியவர் ஒருவர் கொதிக்கும் அண்டாவைவிட அதிகமாகக் கொதித்துவிட்டார். இவள் சமையல்கட்டுக்கு ஓடினாள். உப்பைப் போட்டுக் கிண்டிவிட்டுத் திரும்பி வந்தபோது மேளம் ஓய்ந்து, மகள் கழுத்தில் மஞ்சள் கயிறு தொங்கியது.

"பெத்த பொண்ணு தாலி ஏறுததப் பாக்கல. செண்பகத்துக்குக் கட்டும்போது மேடைய விட்டு ஒரு அடி நகர மாட்டேன். கொட்டாயி தீப்பிடிச்சாலும் நகர மாட்டேன்," என்று அன்று இரவே சொல்லிவிட்டாள். செண்பகராஜ் அவர்கள் மகன். தூத்துக்குடியில் ஒரு கம்பெனியில் வேலை.

மாரிச்செல்வியின் அந்தக் கல்யாணத்தில்தான் மயில் வந்தது.

கோவில்பட்டியிலிருந்து ஜெயஷீலா என்ற பியூட்டி பார்லர்க்காரப் பெண் கல்யாணப் பெண்ணுக்கு மெஹந்தி போட வந்திருந்தாள். கை நிறைய கோன், வாய் நிறைய பேச்சு. மாரிச்செல்விக்குப் போட்டு முடித்ததும் சோலைச்சாமி தன் மனைவியைப் பிடித்து இழுத்துவந்து உட்காரவைத்தார்.

"இவளுக்கும் போடு தாயி."

"எனக்கு எதுக்குங்க? வத்தல் கிள்ளுன கை. செவப்பு போட்டாலும் தெரியவா போவுது?"

"செவப்பு தெரியாட்டா கருப்பு போடட்டும். நம்ம கரிசக்காட்டு மண்ணு மாதிரி, கன்னங்கரேல்னு. போடுதியா தாயி?"

"போட்டுரலாம் அண்ணாச்சி. செவப்பு மாதிரி ராத்திரி பூரா வச்சிருக்க வேண்டாம். ஒரு மணி நேரத்துல பிடிச்சிரும்," என்றாள் ஜெயஷீலா. பையிலிருந்து இன்னொரு கோனை எடுத்தாள். முப்பிடாதியின் வலது கை மணிக்கட்டில் ஒரு மயிலை நிற்கவைத்து, அதன் தோகையை முழங்கை வரைக்கும் விரித்துவிட்டாள். கருப்பென்றால் அப்படியொரு கருப்பு. அந்த மயிலுக்குப் பக்கத்தில் காக்கையை நிறுத்தினால் காக்கை வெளுத்துப்போய்ச் சோப்பு விளம்பரத்துக்குக் கூப்பிடுவார்கள். கல்யாணத்துக்கு வந்தவர்கள் பெண்ணைப் பார்த்ததைவிடப் பெண்ணின் அம்மா கையைத்தான் அதிகம் பார்த்தார்கள் என்று சோலைச்சாமி ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுவாரம் மயில் அரிக்க ஆரம்பித்தது.

போட்ட அன்று அரிக்கவில்லை. மறுநாளும் இல்லை. மறுவீடு, விருந்து எல்லாம் முடிந்து, மெஹந்தியே பாதி அழிந்துவிட்ட பிறகு அரித்தது. ஆகவே யாருக்கும் மெஹந்தி மேல் சந்தேகம் போகவில்லை. முதலில் சிவந்து தடித்தது. பிறகு கோடு கோடாகக் கொப்புளம் எழும்பியது. ஒவ்வொரு இறகிலும் நீர் கோத்து, மயில் கண்ணாடி மயிலாகிவிட்டது. உடைந்தால் நீர் வடிந்தது. எரிச்சலில் அவள் இரவெல்லாம் கையை விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இது அக்கி," என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. அக்கி என்றால் அந்தப் பக்கத்தில் வைத்தியம் ஒன்றுதான்: பானை வனையும் வேளார் வீட்டுக்குப் போய் அக்கி எழுதிக்கொள்வது. அவர் காவியைக் குழைத்து, கோழி இறகால் தொட்டு, கொப்புளத்தைச் சுற்றிக் கோடு இழுத்து, நடுவில் சிங்கம் வரைவார். முப்பிடாதி கையில் மயிலின் மேல் சிங்கம் ஏறியது. சிங்கம் மயிலைத் தின்றுவிடும் என்று சோலைச்சாமி டீக்கடையில் பந்தயம் கட்டினார். ஆனால் அது அக்கி இல்லை. காவிக்குக் கீழே புண் சீழ் வைத்தது. பிறகு மருந்துக்கடையில் கேட்டு ஏதோ மாத்திரை வாங்கி விழுங்கி, ஒருவழியாகப் பொருக்குத் தட்டி, பொருக்கு உதிர்ந்தது.

உதிர்ந்த இடத்தில் மயில் வெள்ளையாக நின்றது.

கொண்டை, கழுத்து, தோகை, தோகைக்குள் கண்கள், எல்லாம் இருந்த இடத்தில் இருந்தபடியே வெளுத்திருந்தன. கருத்த கையில் யாரோ சுண்ணாம்பால் வரைந்த மாதிரி. அங்கங்கே ஓரத்தில் தழும்பு கொஞ்சம் மேடு தட்டியிருந்தது. மாதம் ஒன்று, இரண்டு, ஐந்து ஆயிற்று. மயில் போகவில்லை. வெயில் பட்டுச் சுற்றியிருந்த தோல் கருக்கக் கருக்க, மயில் இன்னும் எடுப்பாகத் தெரிந்தது.

ஊர் வாய் சும்மா இருக்குமா? வெண்புள்ளி என்றார்கள். ஒரு வீட்டில் இவள் கொண்டுபோன பொங்கலை வாங்கி அப்படியே மாட்டுத் தொட்டியில் கொட்டியது இவள் கண்ணிலேயே பட்டுவிட்டது. அன்றிலிருந்து முழுக்கை ஜாக்கெட் போட ஆரம்பித்தாள். சித்திரை வெயிலில், கரிசல் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் காலத்தில், மணிக்கட்டு வரை மூடிய ஜாக்கெட். செண்பகராஜுக்குப் பெண் பார்க்கப் போகும் நேரமும் வந்தது.

"இந்தக் கையோட எப்படிங்க போறது? நோயாளிக் குடும்பம்னுல்லா நெனைப்பாவ?" என்றாள் ஒருநாள். அப்போதுதான் சோலைச்சாமிக்கு உறைத்தது. கோவில்பட்டிப் பெரியாஸ்பத்திரிக்கு, தோல் டாக்டரிடம், அவளைக் கூட்டிக்கொண்டு போனார்.

டாக்டர் சாம்ராஜ் இளவயசுக்காரர். முப்பிடாதியின் கையைப் பார்த்ததும் அவருக்கு முதல் வரியிலேயே கதை புரிந்துவிட்டது.

"கருப்பு மெஹந்தி போட்டீங்களாம்மா?"

"போன வருசம் போட்டது டாக்டர்."

"போட்டு எத்தனை நாள் கழிச்சு கொப்புளம் வந்துச்சு?"

"பத்து நாளு இருக்கும்."

அவர் தலையாட்டினார். தொட்டுப் பார்த்தார், விளக்கடித்துப் பார்த்தார். "இது வெண்புள்ளி நோய் இல்லம்மா. பரவாது, யாருக்கும் ஒட்டாது. புண்ணு ஆறின இடத்துல நிறம் போயிருக்கு, அவ்வளவுதான். கொஞ்சம் கொஞ்சமா திரும்பலாம். சிலருக்குத் திரும்பாமலே நின்னுரும். வெயில் படாம பாத்துக்கோங்க. களிம்பு எழுதித் தாரேன், போய் வாங்கிட்டு வாங்க."

முப்பிடாதி சீட்டை வாங்கிக்கொண்டு மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் போனாள். ஒட்டாது என்ற ஒரு சொல்லிலேயே அவள் முதுகு நிமிர்ந்துவிட்டிருந்தது. அங்கே வரிசை இடைசெவல் வரைக்கும் நீண்டு கிடந்தது. ஆகவே அடுத்து டாக்டர் சொன்னதைக் கேட்டது சோலைச்சாமியின் இரண்டு காதுகள் மட்டும்தான்.

"உக்காருங்கய்யா. இதுதான் முக்கியம். அசல் மருதாணி கருப்பா பிடிக்காது. சீக்கிரம் கருக்கணும்னு தலைக்குப் போடுற டை பொடியக் கலந்திருக்காங்க. அதுல பி.பி.டி.ன்னு ஒரு கெமிக்கல். முதல் தடவை உடம்பு அதை அடையாளம் தெரிஞ்சுக்க ஒரு வாரம், பத்து நாள் எடுத்துக்கும். அதனாலதான் லேட்டா வந்துச்சு. இனிமே உடம்பு அதை மறக்கவே மறக்காது. ஆயுசுக்கும். அடுத்த தடவை ஒண்ணு ரெண்டு நாள்லயே காட்டிரும், முன்னைவிட மோசமா காட்டும். அம்மா தலைக்கு டை போடவே கூடாது. போட்டா தலையெல்லாம் புண்ணாகி, முகம் வீங்கி, கண்ணு மூடிக்கும். சிலருக்கு மூச்சே திணறும்."

"சரிங்கய்யா."

"மூலிகை, ஹெர்பல், கருப்பு மருதாணின்னு என்ன எழுதியிருந்தாலும் சரி, முடியக் கருப்பாக்குற எதுவும் வேண்டாம். பாதிக்கு மேல அதுலயும் இதே கெமிக்கல்தான். இதை வீட்டுல எல்லார்கிட்டயும் சொல்லிருங்க."

"சொல்லிருதேன்," என்றார் சோலைச்சாமி. சொல்வதில் அவரை மிஞ்ச ஆள் உண்டா?

போகிற வழியில் ஜெயஷீலாவின் பார்லர் படியேறி ஒரு சத்தம் போட்டார். அவள் முகம் செத்துப்போயிற்று. "அண்ணாச்சி, கருப்பு வேணும்னு கேட்டா எல்லாரும் அப்படித்தான் கலக்குதோம். எத்தனையோ பேருக்குப் போட்டேன், ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆவல. சத்தியமா எனக்குத் தெரியாது," என்றாள். கருப்பு கேட்டது தான்தான் என்று ஞாபகம் வந்ததும் சோலைச்சாமி சத்தத்தை மடித்து வைத்துக்கொண்டு படியிறங்கினார்.

ஆனால் டீக்கடைக்கு வருவதற்குள் அவர் தெளிந்துவிட்டார்.

"கேளு பரமசிவா. டாக்டர் என்னா சொன்னாரு தெரியுமா? முப்பிடாதி உடம்புக்குள்ள ஒரு போலீஸ் ஸ்டேஷனே இருக்காம். டைய ஒரு தடவ பிடிச்சு போட்டோ எடுத்து ஒட்டி வச்சிருக்காவளாம். இனிமே ஒரு சொட்டு டை தலையில பட்டுச்சுன்னு வையி, சைரன் அடிச்சிரும். மூஞ்சி பூசணிக்கா கணக்கா வீங்கும். கண்ணு ரெண்டும் உள்ள போயிரும், தேடி எடுக்க கெணத்துல விழுந்த வாளிய எடுக்கமே, அந்தப் பாதாளக்கொலுசு வேணும். தல இருக்கே, தல! தேங்கா மாதிரி ரெண்டா பொளந்து, உள்ள இருக்க தண்ணியக் குடிச்சுக்கிடலாமாம்!"

கடை குலுங்கியது. டீ மாஸ்டர் சிரித்த சிரிப்பில் ஆறடிக்கு ஆற்றிய டீ ஒன்பதடிக்குப் போய்த் திரும்பியது. வீட்டுக்கு வந்து மகளிடமும் மகனிடமும் அதையே சொன்னார். அதற்குள் தலை நாலாகப் பிளந்துவிட்டிருந்தது. முப்பிடாதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கினாள். நோய் இல்லை என்று தெரிந்த சந்தோஷம் வேறு. ரொம்ப நாளுக்குப் பிறகு அவள் சிரித்த சிரிப்பு. சோலைச்சாமிக்கு நிறுத்த மனசு வரவில்லை. பூசணிக்காயை இன்னும் இரண்டு சுற்றுப் பெரிதாக்கினார்.

மூலிகை, ஹெர்பல் என்று டாக்டர் சொன்ன அந்தக் கடைசிப் பேச்சில் சிரிக்க ஒன்றும் இல்லை. அதை அவர் சொல்லவேயில்லை. சொல்லாமல் சொல்லாமல் அவருக்கே அது மறந்துபோயிற்று.

செண்பகராஜுக்குப் பெண் நாகலாபுரத்தில் அமைந்தது. பெயர் பிரேமலதா. கல்யாணம் ஆவணி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விளாத்திகுளத்தில் மண்டபம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாரிச்செல்வி ஒரு பச்சைப் பெட்டியுடன் வந்தாள்.

"யம்மா, வா, தலைக்குப் போட்டு விடுதேன். நரச்ச தலையோட மேடையில நின்னீன்னா, போட்டோவுல மாப்பிள்ளைக்கு ஆச்சின்னு நெனச்சிருவாவ."

"ஏட்டி, டை போடக்கூடாதுன்னு சொல்லியிருக்குல்லா?"

"இது டை இல்லம்மா. மூலிகைப் பொடி. பெட்டியில பாரு, மருதாணி, நெல்லிக்கா, கரிசலாங்கண்ணி. எங்க மாமியாரு போடுதாவ, அவியளுக்கு ஒண்ணும் பண்ணல."

முப்பிடாதி பெட்டியை வாங்கி முன்னும் பின்னும் திருப்பினாள். அதன் அடியில், எறும்பு நடந்த தடம் போன்ற எழுத்தில், காதுக்குப் பின்னால் தடவி இரண்டு நாள் பொறுத்துப் பார்க்கவும் என்று போட்டிருந்தது. கல்யாண வீட்டில் இரண்டு நாளுக்கு யார் எங்கே போவது? அதை யாரும் வாசிக்கவும் இல்லை. அவள் வாசலில் வாழைமரத்துக்காரனோடு பேசிக்கொண்டிருந்த கணவரைக் கூப்பிட்டாள்.

"என்னங்க, இங்கன ஒரு நிமிசம் வாங்க. டாக்டர் இதுக்கும் ஏதாவது சொன்னாரா?"

அவள் விளையாட்டாகக் கேட்கவில்லை. நின்று, பெட்டியை நீட்டிக் கேட்டாள். சோலைச்சாமி பெட்டியில் அச்சடித்திருந்த நெல்லிக்காயையும் இலையையும் பார்த்தார். நாக்கு நுனியில் ஒரு வேடிக்கை வந்து உட்கார்ந்தது. வந்தால் அவரால் விழுங்க முடியாது.

"அவரு டையத்தான் சொன்னாரு. இது கீரைக்கட்டுல்லா? கூட ரெண்டு பருப்பப் போட்டா கூட்டு வச்சிரலாம். தேய்ச்சுக்கோ, தலையில முளைச்சா அறுத்து பந்தியில போட்டுருவோம்!"

முப்பிடாதியின் தோள் குலுங்கியது. மகள் பொடியைக் குழைத்தாள்.

அன்று இரவு அவள் தலை கன்னங்கரேலென்று இருந்தது. பத்து வயசு குறைந்துவிட்டது என்றார் சோலைச்சாமி. இருபது என்றார். கடைசியில், பொம்பளைப்பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும், பிறப்புச் சான்றிதழ் எங்கே என்றார்.

சனிக்கிழமை மத்தியானம் தலை அரித்தது. புதுப் பூ, வேர்வை என்று அவள் சொறிந்துகொண்டாள். சாயங்காலம் விளாத்திகுளத்துக்கு வேன் ஏறும்போது காது மடல் சிவந்து, நெற்றியோரம் தடித்திருந்தது. "அடுப்புப் பொகை," என்றாள். இரவு இமை கனத்தது. தூக்கம் என்று நினைத்துப் படுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்னே மண்டபத்து மாடியறையிலிருந்து அவள் குரல் வந்தது.

"என்னங்க, லைட்டப் போடுங்க."

லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது.

சோலைச்சாமி பார்த்தார். நெற்றி உப்பி இறங்கி, கன்னம் உப்பி ஏறி, நடுவில் இரண்டு இமைகளும் வெந்த கொழுக்கட்டை போல வீங்கி ஒட்டிக்கிடந்தன. கண் இருந்த இடத்தில் ஒரு கோடு. முடியோரத்தில் நீர் கசிந்தது. அவர் டீக்கடையில் எத்தனை பூசணிக்காய் வளர்த்திருப்பார்! இதைச் சொல்ல அவரிடம் ஒரு காயும் இல்லை.

அரசு ஆஸ்பத்திரிக்கு, மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வந்த காரிலேயே அள்ளிக்கொண்டு ஓடினார்கள். இரவு டூட்டியில் இருந்த டாக்டரம்மா முதலில் மூச்சைப் பார்த்தார், வாயைத் திறக்கச் சொல்லி நாக்கையும் தொண்டையையும் பார்த்தார். "மூச்சுக்கு ஒண்ணும் இல்ல, நல்ல நேரம்," என்றார். நர்ஸ் தலையைத் தண்ணீர் விட்டு அலசினாள். இரண்டு ஊசி போட்டார்கள்.

"தலைக்கு என்ன போட்டீங்க?"

"மூலிகைப் பொடி டாக்டர்," என்றாள் முப்பிடாதி.

"முன்னாடி எதுக்காவது ஒத்துக்காமப் போயிருக்கா?"

முப்பிடாதி கையை நீட்டி, முழுக்கை ஜாக்கெட்டை மேலே சுருட்டினாள். டாக்டரம்மா வெள்ளை மயிலைப் பார்த்தார்.

"கருப்பு மெஹந்தியா? அப்ப டை போடக்கூடாதுன்னு யாரும் சொல்லலையா?"

"சொன்னாவ. கோவில்பட்டி டாக்டர் சொன்னாவ. ஆனா இது டை இல்லயே, மூலிகைல்லா?"

"மூலிகைன்னு பேருதாம்மா. கருப்பாக்குறதுக்கு இதுலயும் அதேதான் போடுறாங்க. அதையும் சேத்துச் சொல்லியிருப்பாரே? தோல் டாக்டருங்க அதைத்தான் முதல்ல சொல்லுவாங்க."

அந்த நொடியில்தான் சோலைச்சாமிக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. மேசை, மின்விசிறி, டாக்டர் சாம்ராஜ் பேனாவை மூடிக்கொண்டே சொன்னது, தான் தலையாட்டியது. ஒரு சொல் விடாமல்.

முப்பிடாதி கண் தெரியாத அந்த முகத்தை மெதுவாகத் திருப்பினாள். அவர் நின்ற பக்கமே திருப்பினாள். எப்படித் தெரிந்ததோ.

"வீக்கம் எப்ப வத்தும்?" என்று மாரிச்செல்வி அழுதுகொண்டே கேட்டாள். "ஏழரைக்கு முகூர்த்தம்."

"இன்னைக்கு வத்தாது. ரெண்டு மூணு நாள் ஆகும். இங்கேயே படுத்திருந்தா நல்லது."

"நான் போவணும் டாக்டர்," என்றாள் முப்பிடாதி. "மூச்சு முட்டுனா உடனே வந்திருதேன். போவணும்."

மண்டபத்தில் சம்பந்தி வீட்டார் மிரண்டார்கள். மேடைக்குக் கீழே ஒரு கிழவர், "மாப்பிள்ளையோட அம்மாவுக்கு அம்மை போட்டிருக்கோ?" என்றார். இன்னொருவர் எழுந்து நாற்காலியைத் தள்ளிப் போட்டார். அப்போது பெண்ணின் அம்மா வந்து முப்பிடாதியின் கையைப் பிடித்து, "மதினி, நீங்க மேடையில வாங்க. நீங்க இல்லாம எப்படி?" என்று கூட்டிக்கொண்டு போனாள். நல்ல மனுஷி. செண்பகராஜ் மணவறையில் உட்கார்ந்தபடியே அம்மாவைப் பார்த்துப் பார்த்துக் கண்ணைத் துடைத்தான். ஐயர் புகை என்று நினைத்து விசிறச் சொன்னார்.

முப்பிடாதியை மணவறைக்கு மூன்றடி தள்ளி நிறுத்தினார்கள். தாலி தெரிகிற இடம். அவள் கேட்டு வாங்கிய இடம். பக்கத்தில் சோலைச்சாமி.

"முப்பிடாதி," என்றார். 

"இப்ப என்ன நடக்கு?" என்றாள் அவள்.

"தேங்காயில தாலி இருக்கு. எல்லார்கிட்டயும் தொட்டுக் கும்பிடக் கொண்டுபோறாவ."

"பெறவு?"

"கூட்டம் சும்மா திருச்செந்தூர் கடல் கணக்கா..." என்று வாய் பழக்கத்தில் ஆரம்பித்தது.

"கூட்டுததக் கூட்டிக்கோங்க," என்றாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் அவரை என்னவோ செய்தது. "எதையும் விட்டுராதீங்க. அது போதும்."

சோலைச்சாமி சொல்ல ஆரம்பித்தார். மருமகள் சேலை அரக்கு நிறம், கரை பச்சை. நெற்றியில் சுட்டி கொஞ்சம் கோணலாக இருக்கிறது. கையில் மருதாணி, சிவப்புதான், அரைத்துப் போட்டது. செண்பகம் வேஷ்டியை இரண்டு தடவை சரி செய்தான். மாரிச்செல்வி விளக்கைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்கிறாள், மூக்கு சிவந்திருக்கிறது. அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. உள்ளது உள்ளபடியே இத்தனை இருக்கிறதே! முப்பிடாதி தலையை லேசாகச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். வீங்கிய இமையின் இடுக்கிலிருந்து நீர் வழிந்தது. அது அழுகையா, புண்ணின் நீரா என்று அவருக்குத் தெரியவில்லை. அவள் வலது கை ஜாக்கெட் சுருட்டியபடியே இருந்தது. இறக்கிவிட யாருக்கும் தோன்றவில்லை. ஆயிரம் பேர் முன்னால் அந்த வெள்ளை மயில் தோகையை விரித்துக்கொண்டு நின்றது. கருப்பு போடட்டும் என்று சொன்ன தன் குரல் அவர் காதுக்குள் கேட்டது.

"கெட்டிமேளம், கெட்டிமேளம்!"

தவிலும் நாதஸ்வரமும் மண்டபத்துக் கூரையைத் தூக்கி ஒரு முழம் மேலே நிறுத்தின. பூவும் அரிசியும் பறந்தன. முப்பிடாதி அவர் கையை எட்டிப் பிடித்து நகம் பதிய அழுத்தினாள்.

"கட்டுதானா? ஏங்க, கட்டுதானா?"

அவர் திரும்பிப் பார்த்தபோது மகன் கையை எடுத்துவிட்டிருந்தான். மாரிச்செல்வி கடைசி முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்தாள்.

"கட்டிட்டான்."

"அந்தப் பிள்ள மொகம் எப்படி இருந்துச்சு? நம்ம பய என்ன பண்ணுனான்? சொல்லுங்க."

அவருக்கா சொல்லத் தெரியாது? நிலாவைப் பறித்துக்கொண்டு வந்து மருமகள் முகத்தில் வைத்திருப்பார். மகன் கண்ணில் தாமிரபரணியைத் திறந்துவிட்டிருப்பார். அவளும் நம்பியிருப்பாள், நம்பாவிட்டாலும் சிரித்திருப்பாள். எல்லாம் நாக்கு நுனிக்கு வந்து வரிசையில் நின்றது.

"நான் பாக்கல, முப்பிடாதி," என்றார். "அப்ப ஒம் மொகத்தத்தான் பாத்துக்கிட்டு நின்னேன்."

மேளம் அடங்கியது. ஆட்கள் மொய்க் கவரோடு மேடைக்கு ஏறத் தொடங்கினார்கள். முப்பிடாதி பிடித்த கையை விடவில்லை.

"ரெண்டு பிள்ளையளுக்கும் பாக்கலயே," என்றாள், தனக்குள் சொல்வது போல. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு முகத்தை மணவறைப் பக்கம் திருப்பினாள்.

"சரி, இப்ப என்ன நடக்கு? அதச் சொல்லுங்க."

"மாலை மாத்துதாவ," என்றார் சோலைச்சாமி. "நம்ம பய மாலையில ஒரு பூ பிஞ்சு தொங்குது. அந்தப் பிள்ள அத எடுத்துவிடுது."